பகா எண் கட்ட விளையாட்டில் 6 ஏன் திரும்பி வந்து நிற்கிறது?

கேள்வி: "6-ஆம் வகுப்பில் 30 பிள்ளைகள். தரையில் 1 முதல் 30 வரை கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு எண்ணில் நிற்கவைத்து, 2, 3, 5 என்று கூப்பிட்டு மடங்குகளை ஏறி இறங்க வைத்தேன். முடிவில் பகா எண்களோடு 6, 10, 12, 15, 18, 20, 24 எல்லாம் கட்டத்தில் நிற்கிறார்கள். 30 மட்டும் வெளியே. எங்கே பிசகியது? 5-ஓடு ஏன் நிறுத்த வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. 1-ஐ எங்கே வைப்பது?"

உங்கள் பிள்ளைகள் மடங்குகளைத் தப்பாகக் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் கொடுத்த பட்டியலே அதற்குச் சாட்சி. 6, 10, 12, 15, 18, 20, 24 ஆகிய ஏழு எண்களும் 2, 3, 5 என்ற மூன்றில் சரியாக இரண்டுக்கு மடங்கானவை. 12-ஐப் பாருங்கள். 2 என்று கூப்பிட்டபோது இறங்கியிருக்கிறது. 3 என்று கூப்பிட்டதும் மறுபடி ஏறியிருக்கிறது. 5-க்கு அது மடங்கில்லை, அதனால் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. 30 மூன்றுக்குமே மடங்கு. இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, கடைசியில் வெளியே போய்விட்டது. 4, 8, 9, 14, 25 மாதிரி ஒரே ஒரு தடவை கூப்பிடப்பட்ட எண்கள் மட்டும் தற்செயலாகச் சரியாக வெளியே இருக்கின்றன. பிசகு விதியில்தான். "ஏறி இறங்குங்கள்" என்றதைப் பிள்ளைகள் "கூப்பிட்டால் இடம் மாற வேண்டும்" என்று எடுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

மடங்குகளை நீக்கிப் பகா எண்களை மட்டும் மீதி வைக்கும் இந்தச் சல்லடைக்கு ஒரே வழிதான் உண்டு, இறங்குகிற வழி. ஒரு தடவை இறங்கியவர் அந்த ஆட்டம் முடியும் வரை ஏறக் கூடாது. இதை வாயால் மட்டும் சொன்னால் போதாது. இறங்கியவர் தன் கட்டத்தின் ஓரத்திலேயே நின்றால், அடுத்த எண்ணைக் கூப்பிட்டதும் கால் தானாக உள்ளே போய்விடும். 6-இல் நின்ற பிள்ளை "என்னை ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாங்களே" என்று திரும்ப வருவதை நானும் பல வகுப்பில் பார்த்திருக்கிறேன். அதனால் இறங்கியவர்களைச் சுவரோரமாகப் போய் உட்காரச் சொல்லுங்கள். கட்டம் மட்டும் காலியாக அங்கேயே இருக்கட்டும். அந்தக் காலிக் கட்டம் நமக்கு வேண்டும், ஏன் என்று கீழே வருகிறது.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. "3-இன் மடங்குகள் எல்லாம் இறங்குங்கள்" என்று சொன்னால், 21-இல் நிற்கும் பிள்ளை மனதுக்குள் 21-ஐ 3-ஆல் வகுத்துப் பார்க்கிறது. அது வகுபடுந்தன்மைப் பயிற்சி. நல்ல பயிற்சிதான், ஆனால் சல்லடை இல்லை. எரடோஸ்தனிஸ் சல்லடையில் யாரும் எதையும் வகுப்பதில்லை. கட்டங்களை எண்ணி நடப்பது மட்டும்தான். அதனால் எண்களாக நிற்பவர்கள் எதையும் கணக்குப் போட வேண்டாம். ஒருவர் நடக்கட்டும். நடப்பவர் யாருடைய கட்டத்தில் எண்ணிக்கையை முடிக்கிறாரோ அவர் இறங்கட்டும். வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளைகூட மூன்று மூன்றாக எண்ணி நடந்துவிடும். வகுப்பில் எப்போதும் பின்னால் ஒதுங்கி நிற்பவர்களை நடப்பவர்களாகப் போட இது நல்ல இடம்.

உங்கள் 30 பேரை வைத்தே ஒரு ஆட்டத்தை முழுதாகச் சொல்கிறேன். 1-க்குக் கட்டம் உண்டு, ஆனால் அதில் ஆள் வேண்டாம். அந்தப் பிள்ளையைக் கரும்பலகைக்கு அனுப்பிவிடுங்கள். இறங்குபவர் எண்களை எழுதுவதும், மீதி எத்தனை பேர் என்று சொல்வதும் அவர் வேலை. காரணத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே காட்டிவிடலாம். "1 நடக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கால் வைத்து அவர் எல்லோரையும் இறக்கிவிடுவார், ஆட்டமே தொடங்காது. பாடப்புத்தகம் 1-ஐப் பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை என்று தனியாக வைத்திருப்பது இங்கே கண்ணால் தெரியும். 1742-இல் கணித அறிஞர் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் 1-ஐயும் பகா எண்ணாகத்தான் சேர்த்திருந்தார். அதை விலக்கி வைப்பது பிற்காலத்தில் நிலைபெற்ற வழக்கம். அதனால் "1 ஏன் பகா எண் இல்லை?" என்று அடம்பிடிக்கும் பிள்ளையை மட்டம் தட்ட வேண்டாம், அது நியாயமான கேள்வி.

இப்போது 2 முதல் 30 வரை 29 பேர் நிற்கிறார்கள். முதலில் நிற்பவர் 2. அவரே தன் கட்டத்திலிருந்து கிளம்பி நடக்கிறார். 3-இல் "ஒன்று", 4-இல் "இரண்டு". 4 இறங்குகிறார். 5-இல் மறுபடி "ஒன்று", 6-இல் "இரண்டு". 6 இறங்குகிறார். இப்படி 30 வரை போனால் 14 பேர் வெளியே, 15 பேர் உள்ளே. 2 தன் கட்டத்துக்குத் திரும்பி வந்து நிற்கிறார், அவர் இறங்குவதில்லை. அடுத்து நிற்பவர் 3. அவர் மூன்று மூன்றாக எண்ணி நடந்தால் 6, 9, 12, 15, 18, 21, 24, 27, 30 என்று ஒன்பது கட்டங்களில் எண்ணிக்கை முடியும். அதில் 6, 12, 18, 24, 30 ஏற்கெனவே காலி. புதிதாக இறங்குபவர்கள் 9, 15, 21, 27 நாலு பேர்தான். உள்ளே 11 பேர். அடுத்து 4 நடக்க வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். கட்டத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் நடக்க உரிமை என்று ஒரு விதி வைத்துவிடுங்கள். 4 முன்பே போய்விட்டது. அது நடந்தாலும் மிதிக்கிற இடமெல்லாம் 2 ஏற்கெனவே காலி செய்த இடமாகத்தான் இருக்கும். அடுத்தவர் 5. அவர் 10, 15, 20 மூன்றையும் காலியாகவே பார்த்துக்கொண்டு போய் 25-இல் நிற்பார். அங்கே ஆள் இருக்கும். 2-க்கும் 3-க்கும் தப்பி, தான் பகா எண்தான் என்று நம்பிக்கொண்டு நின்ற பிள்ளை அது. அந்த இடத்தில் வகுப்பு கத்தும். கத்த விடுங்கள். 25 இறங்கியதும் மீதி பத்துப் பேர்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29.

பலகையில் எழுதியவர் இப்போது ஒரு விஷயத்தைப் படித்துக் காட்டட்டும். 2 முதன்முதலில் இறக்கியது 4-ஐ. 3 புதிதாக இறக்கியதில் முதல் ஆள் 9. 5 புதிதாக இறக்கியது 25. உங்கள் பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை இந்த மூன்று எண்ணிலேயே இருக்கிறது. 5-இன் நடையை மறுபடி பாருங்கள். 5 × 2-ஐ 2 இறக்கிவிட்டது, 5 × 3-ஐ 3 இறக்கிவிட்டது, 5 × 4-ஐயும் 2 இறக்கிவிட்டது. 5-க்கென்று மீந்த முதல் இடம் 5 × 5. அதே மாதிரி 7 நடந்தால் 14, 21, 28, 35, 42 எல்லாமே காலியாக இருக்கும், முதல் ஆள் 7 × 7 = 49-இல்தான் கிடைப்பார். நம் தரையில் 49 இல்லை. அதனால் 7 நடந்து பயனில்லை, 11-க்கும் 13-க்கும் இன்னும் தூரம். சந்தேகப்படும் பிள்ளையை 7-ஆக நடக்கவிடுங்கள். 14, 21, 28 மூன்று காலிக் கட்டங்களை மிதித்துவிட்டு, அதற்கு மேல் தரை இல்லாமல் தானே வந்துவிடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இதையே திருப்பிச் சொல்லலாம். 30-க்குள் ஒரு எண் 1 அல்லாத இரண்டு எண்களின் பெருக்கல் என்றால், இரண்டுமே 6 அல்லது அதற்கு மேல் இருக்க முடியாது, ஏனென்றால் 6 × 6 = 36. ஆக, ஒன்றாவது 5 அல்லது அதற்குக் கீழே. அப்படியானால் 2, 3, 5 மூவரில் ஒருவர் அதை இறக்கியிருப்பார்.

இதில் இன்னொரு பிசகு உண்டு. உங்கள் வகுப்பில் நடந்ததைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் லேசில் வெளியே தெரியாது. நடப்பவர் காலிக் கட்டத்தைத் தாண்டிவிட்டு, நிற்கும் ஆட்களை மட்டும் எண்ணத் தொடங்குவார். பாண்டி ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு, சில்லு கிடக்கும் கட்டத்தைத் தாண்டிக் குதித்த பழக்கம், இது இயல்பாக வரும். 3-இன் நடையில் இது சரியான விடையையே தந்துவிடும். இரட்டை எண்கள் போனபின் 3-க்கு அப்புறம் நிற்பவர்கள் 5, 7, 9. மூன்றாவது ஆள் 9. அடுத்து 11, 13, 15. மூன்றாவது ஆள் 15. எல்லாம் சரியாகவே போகும், ஆசிரியரும் கவனிக்க மாட்டார். 5 நடக்கும்போதுதான் விழும். 5-க்கு அப்புறம் நிற்பவர்கள் 7, 11, 13, 17, 19. ஐந்தாவது ஆள் 19. பகா எண்ணான 19 இறங்கிவிடும், 25 நின்றுவிடும். எண்ணிப் பார்த்தால் உள்ளே அப்போதும் பத்துப் பேர்தான். அதனால் தலை எண்ணிச் சரிபார்க்காதீர்கள். 25-ஐப் பாருங்கள். அங்கே ஆள் நின்றால் காலிக் கட்டத்தை யாரோ எண்ணாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நடப்பவர் காலிக் கட்டத்திலும் காலை வைத்து, வாய்விட்டு எண்ண வேண்டும் என்று நான் கறாராக இருப்பது இதனால்தான்.

3-இல் மட்டும் ஏன் தப்பு ஒளிந்துகொள்கிறது என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்றுண்டு. எரடோஸ்தனிஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்தவர். அவர் எழுதியது நம் கைக்கு வரவில்லை. சல்லடையை அவர் பெயரோடு சேர்த்து விவரிப்பது, கி.பி. 100 வாக்கில் கெராசா ஊர்க்காரரான நிக்கோமாக்கஸ் எழுதிய எண்கணித நூல். அவர் இரட்டை எண்களை எழுதுவதே இல்லை. 3, 5, 7, 9 என்று ஒற்றை எண்களை மட்டும் வரிசையாக எழுதி, 3-இலிருந்து மூன்றாவது இடம், 5-இலிருந்து ஐந்தாவது இடம் என்று எண்ணுகிறார். ஒற்றை எண்கள் மட்டும் உள்ள வரிசையில் மூன்று இடம் தள்ளினால் 6 கூடும், ஐந்து இடம் தள்ளினால் 10 கூடும். ஒற்றை மடங்குகளில்தான் போய் நிற்போம். ஆனால் அவர் வரிசையில் 9-ம் 15-ம் அடிபட்ட பின்னும் தங்கள் இடத்தில் இருக்கின்றன. நம் பிள்ளை அவற்றையும் சேர்த்துத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் 5-இல் குழப்பம்.

கட்டம் போடுவதில் ஒரு வரிக்கு 10 என்று போடாமல் ஆறாறாகப் போடுங்கள். ஆறு கட்டம் கொண்ட ஐந்து வரிசை. கட்டம் ஒன்றரை அடி இருந்தால் நிற்பவருக்குத் தாராளம். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒன்றரை அடிப் பாதை விட்டால், நடப்பவர் அதில் போய்க்கொண்டே ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் கால் வைக்கலாம். எண்ணைக் கட்டத்தின் நடுவில் எழுதினால் காலடியில் மறைந்துவிடும். மேல் மூலையில், பாதையைப் பார்த்து எழுதுங்கள். சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதினால் சிமெண்ட் தரையில் ஒரு பீரியட் தாங்கும். வழவழப்பான டைல்ஸில் தாளில் எழுதி ஒட்டுபவர்கள் தாளின் நாலு பக்கமும் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கால் வழுக்கும்.

ஆறாறாகப் போடுவதில் இரண்டு லாபம். 2-ம் 3-ம் நடக்கும்போது ஒவ்வொரு வரிசைக் கடைசியிலும் எண்ணிக்கை சரியாக முடிந்துவிடும், வரிசை மாறும்போது குழம்பாது. 5 நடக்கும்போது மட்டும் எண்ணிக்கை பாதியில் அடுத்த வரிசைக்குப் போகும். 6-இல் "ஒன்று" என்று சொன்னவர் அடுத்த வரிசையின் தொடக்கத்துக்கு வந்து 7-இல் "இரண்டு" என்று தொடர வேண்டும். அங்கே நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மற்ற லாபம், 2-ம் 3-ம் நடந்து முடித்ததும் முதல் வரிசைக்குக் கீழே இரண்டே பத்திகளில்தான் ஆள் இருப்பார்கள். 7, 13, 19, 25 ஒரு பத்தி. 11, 17, 23, 29 இன்னொரு பத்தி. 3-க்கு மேற்பட்ட பகா எண் எல்லாம் ஆறின் மடங்குக்கு ஒன்று முன்னேயோ ஒன்று பின்னேயோதான் இருக்கும் என்பது படமாகவே தரையில் நிற்கும். ஆனால் பிள்ளைகள் உடனே அதைத் திருப்பிப் போட்டு, அந்தப் பத்தியில் இருப்பதெல்லாம் பகா எண் என்பார்கள். 25 அதை உடைக்கிறது. 30-க்குள் வேறு எதுவும் உடைக்காததால், 25 ஏதோ ஒரு விதிவிலக்கு என்று நினைத்துவிடுவார்கள். பலகையில் இன்னும் ஒரு வரிசை எழுதி 35-ஐயும், முடிந்தால் நாலு வரிசை வரை எழுதி 49-ஐயும் காட்டிவிடுங்கள்.

இதுவரை சொன்னதில் எண்கள் சம்பந்தப்பட்டவை எல்லாம் உறுதியானவை, நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். இனி வருவது என் வகுப்பு அனுபவம் மட்டும். நான் நடுநிலைப் பள்ளியில் 5 முதல் 7 வரை உள்ள வகுப்புகளோடுதான் இதை ஆடியிருக்கிறேன். அவர்களுக்கு இது நன்றாகப் பிடிபடுகிறது. 3-ஆம் வகுப்புப் பிள்ளைகள் நடந்து முடிப்பார்கள், ஆனால் மீந்தவர்கள் ஏன் மீந்தார்கள் என்பது அவர்களுக்குப் போய்ச் சேருகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த வயதுக்கு 12 வரை கட்டம் போட்டு, 2-ம் 3-ம் மட்டும் நடந்தால் போதும் என்று நினைக்கிறேன். இன்னொரு எல்லையும் உண்டு. இந்த விளையாட்டு தரையில் உள்ள எண்களைப் பற்றி மட்டும்தான் பேசும். 91 பகா எண்ணா என்று தேர்வில் கேட்டால் இங்கே நடந்த நடை நேராக உதவாது. அதற்கு 2, 3, 5, 7 நால்வரையும் மனதில் நடக்கவிட்டு, 7 × 13-இல் போய் நிற்கிறதா என்று பார்க்கும் தனிப் பயிற்சி வேண்டும். விளையாட்டு முடிந்ததும் குறிப்பேட்டில் 100 வரை சல்லடை போட வைத்தால் அந்த இடைவெளி குறையும்.

நடப்பவர்கள் மூவரிடமும் ஆளுக்கொரு நிறச் சாக்பீஸ் கொடுத்து, எண்ணிக்கை முடியும் கட்டத்தில் எல்லாம், அது காலியாக இருந்தாலும், ஒரு கோடு போடச் சொன்னால் ஆட்டம் முடிந்தபின் இன்னொரு பாடம் தரையில் மிச்சம் இருக்கும். 12-இல் இரண்டு நிறம், 16-இல் ஒரே நிறம், 30-இல் மூன்று நிறம். அந்த எண்ணின் பகாக் காரணிகளில் 2, 3, 5 எவை என்பதைத்தான் நிறங்கள் காட்டுகின்றன. இரண்டு கவனம் வேண்டும். 16-இல் 2 நாலு தடவை இருப்பதை ஒரு கோடு சொல்லாது. 14-இல் 2-இன் கோடு மட்டும் இருக்கும், 7 நடக்காததால் அதன் கோடு இருக்காது. காரணிப்படுத்தலுக்கு இதைப் பயன்படுத்தினால், 7, 11, 13 மூவரையும் கடைசியாக ஒரு சுற்று நடக்கவிடுங்கள். யாரும் இறங்க மாட்டார்கள், ஆனால் 14, 21, 22, 26, 28 ஆகிய கட்டங்களில் விடுபட்ட நிறம் வந்துவிடும்.

உங்கள் வகுப்பில் தெரியாமல் நடந்த ஏறி இறங்கும் ஆட்டத்தையும் தூக்கி எறிய வேண்டாம், அது தனியாக ஒரு நல்ல ஆட்டம். எல்லோரும் வெளியே நிற்பதில் தொடங்குங்கள். இம்முறை 1-க்கும் ஆள் உண்டு. 1 முதல் 30 வரை ஒரு எண் விடாமல் கூப்பிடுங்கள், அந்த எண்ணின் மடங்குகள் (அந்த எண்ணும் சேர்ந்து) உள்ளே இருந்தால் வெளியே, வெளியே இருந்தால் உள்ளே. கடைசியில் நிற்பவர்கள் 1, 4, 9, 16, 25 ஐந்து பேர். 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு தடவை கூப்பிட்டதால் அது வெளியே போய்விட்டது. 16-ஐ 1, 2, 4, 8, 16 என்று ஐந்து தடவை கூப்பிட்டதால் உள்ளே நிற்கிறது. காரணிகள் ஜோடி ஜோடியாக வரும், வர்க்க எண்ணில் மட்டும் ஒரு காரணி தனக்குத்தானே ஜோடி என்பது இங்கே கிடைக்கும். இதையும் சல்லடையையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். சல்லடையை முதலில் முடித்து, குறிப்பேட்டு வேலையும் ஆனபின் வேறொரு வாரத்தில் இதை வையுங்கள், இல்லையென்றால் 6 மறுபடியும் உள்ளே ஏறிவிடும்.